ஒரே மாதத்துக்கு இரண்டு தடவை பணம் எடுத்த ஓடிடி: திரும்பக் கேட்டு மெயில் எழுதச் சில குறிப்புகள்

பாலசமுத்திரத்தில் எங்கள் வீட்டில் சீரியல் பார்ப்பது மாமியார் மட்டும்தான். அவருக்காக மே 3-ம் தேதி ஒரு ஓடிடியில் மாதம் 299 ரூபாய் திட்டத்தைப் போட்டோம். யுபிஐ-யில் கட்டும்போது வட்டம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு Payment failed என்று வந்தது. பையன் பொறுமை இல்லாமல் அவன் அப்பாவுடைய டெபிட் கார்டு நம்பரைப் போட்டுக் கட்டினான். சீரியல் ஓடியது, எல்லாரும் மறந்துவிட்டோம்.

மே கடைசியில் மாமியார் ஒட்டன்சத்திரத்தில் நாத்தனார் வீட்டுக்குப் போனார். இனி எதற்கு என்று டிவியிலிருந்து அந்த ஆப்பை எடுத்துவிட்டோம். ஜூன் 4-ம் தேதி என் வீட்டுக்காரர் பழனிக்குப் போனவர், பேங்கில் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வந்தார். அதில் 299 மூன்று தடவை இருந்தது. மே 3-ல் இரண்டு, ஜூன் 3-ல் ஒன்று. அன்றைக்கு ராத்திரியே கோபத்தில் ஒரு மெயில் அடித்தோம். அது எப்படிக் கெட்டது, பிறகு எப்படிச் சரியானது என்பதிலிருந்து எடுத்த குறிப்புகள் இவை.

1. உரிமையாகக் கேட்பதையும் தயவாகக் கேட்பதையும் ஒரே மெயிலில் போடாதீர்கள்

எங்கள் முதல் மெயிலில் எல்லாவற்றையும் கொட்டியிருந்தோம். "மூன்று தடவை பணம் எடுத்திருக்கிறீர்கள், நாங்கள் பார்க்கவே இல்லை, ஆப்பையே எடுத்துவிட்டோம், எல்லாப் பணத்தையும் கொடுங்கள்." மறுநாள் வந்த பதில் இரண்டே வரி. புதுப்பித்த சந்தாவுக்குப் பணம் திரும்பத் தருவதில்லை, உங்கள் புகார் முடிக்கப்பட்டது.

அதில் ஜூன் மாதத்துக்கு மட்டும்தான் பதில் இருந்தது. மே மாதம் இரண்டாவதாகப் போன 299-ஐப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் போடுகிறவர், சுலபமாக மறுக்கக்கூடிய ஒன்றைப் பிடித்துக்கொண்டு மொத்தப் புகாரையும் மூடிவிட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை, நாங்கள்தான் அப்படி எழுதிக் கொடுத்திருந்தோம்.

மே மாதத்து இரண்டாவது 299 நாங்கள் எதற்கும் கொடுக்காத பணம். அது எங்களுக்கு வர வேண்டிய பாக்கி. ஜூன் 299 அப்படி இல்லை. நிறுத்தச் சொல்ல மறந்தது நாங்கள். நிபந்தனைப்படி அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் கேட்கும் குரல் வேறாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி மெயில், தனித்தனிப் புகார் எண். ஒன்றை மறுத்தாலும் மற்றொன்று உயிரோடு இருக்கும்.

2. இரண்டு தடவை போனது நிஜமாகவே இரண்டுதானா என்று பாருங்கள்

எஸ்எம்எஸ் இரண்டு வந்தாலே பணம் இரண்டு தடவை போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. கார்டைப் புதிதாகச் சேர்க்கும்போது அது வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ பிடித்துத் திருப்பி விடுவார்கள். சில சமயம் முழுத் தொகையையுமே முதலில் நிறுத்திவைத்துவிட்டுப் பிறகு எடுப்பார்கள். ஆப்பில் அது இரண்டு வரியாகத் தெரியும். சில நாளில் ஒன்று தானாக மறைந்துவிடும். பாஸ்புக்கிலோ ஸ்டேட்மென்டிலோ இரண்டு தனி வரியாக, இரண்டு தனி எண்ணோடு ஏறியிருந்தால்தான் அது இரண்டு.

யுபிஐ என்றால் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்து நிலை என்ன என்று பாருங்கள். Failed அல்லது Pending என்று இருந்து, பணமும் போயிருந்தால், அது வழியில் மாட்டிக்கொண்ட பணம். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதிப்படி, கடைக்குப் போய்ச் சேராத யுபிஐ பணம் அடுத்த ஐந்து நாளுக்குள் தானாகக் கணக்குக்குத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு. அப்படிப்பட்ட பணத்துக்கு ஓடிடியோடு மல்லுக்கட்டிப் பயன் இல்லை, பேங்கில்தான் கேட்க வேண்டும்.

எங்களுக்கு வேறு மாதிரி. ஓடிடியின் திரையில் Payment failed என்று வந்ததே தவிர, யுபிஐ ஆப்பில் போய்ப் பார்த்தால் Success என்று இருந்தது. அதாவது பணம் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, அவர்களுடைய கணினிக்குத்தான் சேதி போகவில்லை. இதற்கு ஓடிடிதான் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். டிவி மாட்ட வந்த பையன் புதிதாக ஒரு மெயில் ஐடியைப் போட்டுக் கணக்குத் திறந்திருப்பான். வீட்டுப் போனில் மொபைல் நம்பரில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கும். இரண்டும் தனித்தனியாகப் பணம் எடுக்கும். அது இரட்டைப் பிடித்தம் இல்லை, இரண்டு சந்தா. ஒன்றை நிறுத்துவதுதான் வழி. போன பணத்தைத் தயவாகத்தான் கேட்க முடியும்.

3. பில்லை எண்ணுங்கள்

இதுதான் எங்களுக்குக் கை கொடுத்தது. ஓடிடியின் இணையதளத்தில் நம் கணக்குக்குள் போனால் பணம் கட்டிய பட்டியலும் ஜிஎஸ்டி போட்ட பில்லும் இருக்கும். மே மாதத்துக்கு எங்கள் பேரில் இருந்தது ஒரே ஒரு பில். 253 ரூபாய் 39 காசு, அதன்மேல் 18 சதவீத வரி 45 ரூபாய் 61 காசு, ஆக 299. பாஸ்புக்கில் பிடித்தம் இரண்டு, அவர்களிடம் பில் ஒன்று. இரண்டாவதாகப் போன பணத்துக்கு அவர்களே பில் போடவில்லை. இதற்குமேல் விளக்கம் எழுத வேண்டியதில்லை.

திரும்பக் கேட்கும்போது திட்டத்தின் விலையை எழுதாமல், கணக்கிலிருந்து போன முழுத் தொகையை எழுதுங்கள். வரியும் நாம் கொடுத்ததுதான்.

4. பணத்தை வாங்கியது யார் என்று பார்த்துவிட்டு அவர்களுக்கு எழுதுங்கள்

போனில் பிளே ஸ்டோர் வழியாகச் சந்தா கட்டியிருந்தால் பணம் வாங்கியது கூகுள். ரசீதில் ஆர்டர் எண் GPA. என்று தொடங்கும். அதற்கு ஓடிடிக்கு மெயில் போட்டால் "எங்களால் பார்க்க முடியாது" என்றுதான் பதில் வரும். கூகுளில் கேட்க வேண்டும், அதுவும் 48 மணி நேரத்துக்குள் கேட்டால் வாய்ப்பு அதிகம். ரீசார்ஜோடு சேர்ந்து வந்த ஓடிடி என்றால் சிம் கம்பெனியிடம் போக வேண்டும்.

5. மெயில் போடும் முன் நிறுத்திவிடுங்கள், ஆனால் கணக்கை அழிக்காதீர்கள்

டிவியிலிருந்து ஆப்பை எடுத்தால் சந்தா நிற்காது. கேபிள்காரரிடம் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தால் இணைப்பு போய்விடும், அந்தப் பழக்கத்தில் நாங்கள் நினைத்துவிட்டோம். இங்கே பணம் எடுக்கும் அனுமதி டிவியில் இல்லை, பேங்கில் பதிந்து கிடக்கிறது.

நிறுத்துவது இரண்டு இடத்தில். முதலில் ஓடிடியின் கணக்குக்குள் போய் Cancel கொடுத்து, எந்தத் தேதியோடு முடிகிறது என்று காட்டும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு யுபிஐ ஆப்பில் Autopay என்ற இடத்தில் அந்த ஓடிடியின் பேர் Active என்று இருக்கிறதா பார்த்து ரத்து செய்யுங்கள். கார்டு என்றால் பேங்கின் ஆப்பிலோ, பேங்கிலிருந்து வந்த எஸ்எம்எஸ்ஸில் இருக்கும் இணைப்பிலோ அந்த அனுமதியை எடுக்கலாம். எங்களுக்கு ஜூன் மாதம் பிடித்தது கார்டு வழியாகத்தான். ஆனால் தோற்றுப்போனதாகக் காட்டிய யுபிஐ-யிலும் ஒரு அனுமதி Active என்று சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. அதையும் எடுத்தோம்.

கோபத்தில் கணக்கையே டெலீட் செய்துவிடாதீர்கள். பில், பார்த்த விவரம், பதிவான மெயில் ஐடி எல்லாம் அதோடு போய்விடும். அப்புறம் உங்கள் புகாரை எந்தக் கணக்கோடு சேர்ப்பது என்றே அவர்களுக்குத் தெரியாது. பணம் வந்து சேரட்டும், பிறகு அழிக்கலாம்.

6. ஒரு நாள் முன்னே வந்த எஸ்எம்எஸ்ஸைத் தேடுங்கள்

இந்த மாதிரித் தானாகப் பிடிக்கும் பணத்துக்கு ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் முழுதாக நடைமுறையில் இருக்கிறது. பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னால் யார், எவ்வளவு, எப்போது எடுக்கப் போகிறார்கள் என்று பேங்க் சொல்ல வேண்டும், வேண்டாம் என்று விலகவும் வழி கொடுக்க வேண்டும்.

எங்களுக்கு அது வந்திருந்தது. ஜூன் 1-ம் தேதி காலை, வீட்டுக்காரர் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மண்டிக்காரரோடு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். லோன் வேண்டுமா, கார்டு வேண்டுமா என்று வருகிற பத்து எஸ்எம்எஸ்ஸுக்கு நடுவே அதுவும் கிடந்தது. வந்திருந்தால் வரவில்லை என்று எழுதாதீர்கள். அவர்களிடம் அனுப்பிய நேரத்தோடு பதிவு இருக்கும், நம் மற்ற பேச்சும் பொய்யாகிவிடும். நிஜமாகவே வரவில்லை என்றால் அது நல்ல பிடி. ஆனால் அதைப் பேங்குக்கு எழுத வேண்டும், ஓடிடிக்கு இல்லை.

7. முதல் மெயில்: பாக்கியைக் கேட்பது

ஓடிடியில் பதிந்திருக்கும் அதே மெயில் ஐடியிலிருந்து அனுப்புங்கள். நான் தமிழில் எழுதிக் கொடுத்ததை அக்கா மகள் ஆங்கிலத்தில் அடித்தாள். நான் எழுதியது இது:

*பொருள்: மே 3 – ஒரே திட்டத்துக்கு இரண்டு பிடித்தம் – ரூ.299 திரும்பத் தரவும்*

*வணக்கம். என் கணக்கின் மெயில் ஐடி இதுவே. மே 3 அன்று மாதத் திட்டத்துக்காக என் வங்கிக் கணக்கிலிருந்து ரூ.299 இரண்டு முறை பிடிக்கப்பட்டுள்ளது.*

*முதல் பிடித்தம்: யுபிஐ, இரவு 8.12, பரிவர்த்தனை எண் (12 இலக்கம்). உங்கள் திரையில் தோல்வி என்று காட்டியது. என் வங்கியில் வெற்றி என்று உள்ளது.*
*இரண்டாவது பிடித்தம்: டெபிட் கார்டு, இரவு 8.16, கார்டின் கடைசி நான்கு எண்கள்.*

*என் கணக்கில் மே மாதத்துக்கு ஒரே ஒரு பில் மட்டுமே உள்ளது. யுபிஐ-யில் போன ரூ.299-க்குப் பில் இல்லை. அந்தத் தொகையை வந்த வழியிலேயே திருப்பி அனுப்பி, அதற்கான பரிவர்த்தனை எண்ணைத் தெரிவிக்கவும்.*

*இணைப்பு: பாஸ்புக் பக்கம், யுபிஐ ஆப்பின் பக்கம், பில் பட்டியல்.*

இவ்வளவுதான். மாமியார், நாத்தனார், ஆப்பை எடுத்தது, ஜூன் மாதம் எதுவும் இதில் கிடையாது. நான்கு நிமிட இடைவெளியைக் காட்டியது வேண்டுமென்றே செய்தது. ஒரே வீட்டில் நான்கு நிமிடத்தில் இரண்டு தடவை யாரும் ஒரே திட்டத்தை வாங்கமாட்டார்கள்.

பாஸ்புக் பக்கத்தைப் போட்டோ எடுக்கும்போது மற்ற வரவு செலவையும் கணக்கு எண்ணையும் ஒரு தாளால் மறைத்துவிடுங்கள். கார்டின் படத்தை எந்தக் காரணத்துக்காகவும் இணைக்க வேண்டாம்.

8. இரண்டாவது மெயில்: மறந்ததை ஒத்துக்கொண்டு கேட்பது

இங்கே மூன்று விஷயம்தான் எடை உள்ளவை. பிடித்த எத்தனை நாளுக்குள் கேட்கிறோம், பிடித்த பிறகு ஏதாவது பார்த்தோமா, இப்போது நிறுத்திவிட்டோமா. நாங்கள் எழுதியது: "ஜூன் 3 அன்று சந்தா புதுப்பிக்கப்பட்டது. நிறுத்தத் தவறியது எங்கள் பிழை. டிவியிலிருந்து ஆப்பை நீக்கினால் போதும் என்று நினைத்துவிட்டோம். மே 27-க்குப் பிறகு இந்தக் கணக்கில் எதுவும் பார்க்கப்படவில்லை, உங்கள் பதிவில் சரிபார்க்கலாம். ஜூன் 4 அன்று சந்தாவை நிறுத்திவிட்டோம். இந்த ஒரு முறை மட்டும் ரூ.299-ஐத் திருப்பித் தர இயலுமா?"

பிடித்த பிறகு ஒரு எபிசோட் ஓடியிருந்தாலும் இந்த மெயிலுக்குப் பலன் குறைவு. அதனால் பதில் வரும்வரை வீட்டில் யாரும் அதைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவையுங்கள். எங்கள் வீட்டில் பையனுக்குத் தெரியாமல் பாஸ்வேர்டையே மாற்றிவைத்தோம்.

நிறுத்தும் பொத்தானையே கண்ணில் காட்டாமல் சுற்றவிட்டார்கள் என்றால் கதை வேறு. மத்திய அரசு 2023 நவம்பர் 30-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஏமாற்று வடிவமைப்பு என்று 13 வகைகளைச் சொல்லியிருக்கிறார்கள். சந்தாவை நிறுத்தவிடாமல் சிக்கவைப்பதும் அதில் ஒன்று. அமெரிக்காவில் அமேசான் பிரைம் மேல் இதே குற்றச்சாட்டில் அரசு வழக்குப் போட்டு, 2025 செப்டம்பரில் 250 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. பிரைமை நிறுத்தும் வழிக்குக் கம்பெனிக்குள்ளேயே வைத்திருந்த பேர் "இலியட்". பத்து வருஷம் இழுத்த டிராய் யுத்தத்தைப் பாடும் கிரேக்கக் காவியத்தின் பேர் அது, தெரிந்துதான் வைத்திருப்பார்கள் போல. உங்களுக்கும் அப்படி நடந்தால் நிறுத்த முயற்சி செய்வதைத் திரைப்பதிவு எடுத்து இணையுங்கள். வெறும் மறதிக்கு இந்த வழிகாட்டுதலை இழுக்க வேண்டாம்.

9. கஸ்டமர் கேர் நம்பரைத் தேடி எடுக்காதீர்கள்

தேடினால் முதலில் வருவது போலி நம்பராக இருக்கலாம். ஆப்புக்குள்ளோ பில்லிலோ இருக்கும் மெயில் ஐடிக்கு மட்டும் எழுதுங்கள். பணம் திரும்பி வர பின் நம்பர் போட வேண்டியதில்லை, கியூஆர் ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை. யாராவது அப்படிச் சொல்லிப் பணம் போய்விட்டால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள்.

10. ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் தட்டாதீர்கள்

மெயில் போட்ட அன்றே பேங்கிலும் எழுதிக் கொடுத்துவிடலாம் என்று வீட்டுக்காரர் கிளம்பினார், நான் விடவில்லை. பேங்கில் தகராறு என்று பதிந்துவிட்டால் ஓடிடிக்காரர் "விஷயம் பேங்கில் இருக்கிறது" என்று கையைக் கட்டிக்கொள்வார். இரண்டு பக்கமும் பணம் கொடுத்துவிட்டாலும் பிறகு ஒன்றைத் திரும்பப் பிடிப்பார்கள்.

இணையத்தில் விற்கிறவர்களுக்கு 2020-ல் வந்த நுகர்வோர் விதி ஒன்று இருக்கிறது. குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்தில் புகார் வந்து சேர்ந்ததென்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அவருடைய மெயில் ஐடி இணையதளத்தின் அடியில் இருக்கும். சாதாரண உதவி மெயிலில் பதில் சரியில்லை என்றால் அதே மெயிலை, பழைய புகார் எண்ணோடு, அவருக்கு அனுப்புங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே சொல்லலாம்.

பேங்க் பக்கம் தப்பு என்றால் முதலில் பேங்கில் எழுத்தில் புகார். 30 நாளில் தீரவில்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in-ல் போடலாம். அவர் பேங்கைத்தான் கேட்பார், ஓடிடியைக் கேட்கமாட்டார். திண்டுக்கல் நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை வழக்குக்குக் கட்டணம் கிடையாது என்றாலும், 299 ரூபாய்க்குப் பாலசமுத்திரத்திலிருந்து பஸ் ஏறுவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

11. "அனுப்பிவிட்டோம்" என்று வந்தால் எண்ணைக் கேளுங்கள்

பணம் அனுப்பியாயிற்று என்று மெயில் வரும், கணக்கில் வந்திருக்காது. யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணும், கார்டு என்றால் ARN என்ற 23 இலக்க எண்ணும் இருக்கும். அதை வாங்கிப் பேங்கில் காட்டினால் பணம் எங்கே நிற்கிறது என்று தேடிச் சொல்வார்கள். எண் இல்லாமல் போனால் "வந்தால் தெரியும்மா" என்பார்கள். பணம் வந்து சேரும்வரை அந்தக் கார்டை மாற்றவோ கணக்கை மூடவோ வேண்டாம், திரும்புவது பழைய வழியில்தான்.

எங்களுக்கு ஜூன் 7-ம் தேதி இரண்டு மெயிலும் போயின. மே மாதத்து 299 ஜூன் 14-ல் கணக்கில் ஏறியது. ஜூன் மாதத்துக்கு மட்டும், மரியாதையாக, முடியாது என்றார்கள். சந்தா ஜூலை 2 வரை இருக்கும் என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். ஆப்பை மறுபடி டிவியில் ஏற்றினோம். விஷயம் கேள்விப்பட்ட மாமியார் அந்த வாரமே ஒட்டன்சத்திரத்திலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டார், விட்டுப்போன பதினெட்டு எபிசோடையும் பார்க்க வேண்டுமாம்.